போனில் கேட்ட அய்யப்பன்

கனகலட்சுமிக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும். மிளகாய் வத்தல் மூட்டையைத் தூக்கி வைப்பதிலும், மில்லின் சுவிட்சைத் தட்டுவதிலும்தான் அது தெரியும். சீட்டு உடைந்த அந்த ஆண்டு ஆனி மாதம் முழுக்க வீட்டில் அவள் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை என்று அவள் புருஷன் காளீஸ்வரன் இன்றும் சொல்கிறார்.

திருவாடானைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மிளகாய்த்தூள் மில் வைத்திருப்பவள் அவள். மாசி, பங்குனியில் மிளகாய் போடும் சம்சாரிகளிடம் குண்டு மிளகாயைக் கைக்காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். வருடம் முழுக்க அரைத்து, இராமேஸ்வரத்து லாட்ஜுகளுக்கும் மெஸ்ஸுகளுக்கும் அனுப்புவாள். சரக்கு போய் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவர்கள் காசு தருவார்கள். விளைச்சல் நேரத்தில் கையில் பணம் இல்லையென்றால் அந்த வருடம் மில் பாதி நாள் சும்மா கிடக்கும்.

அதற்காகத்தான் நாகநாதனிடம் ஏலச்சீட்டில் சேர்ந்தாள். திருவாடானையில் உரக்கடை வைத்திருந்தவர் அவர். தூரத்து உறவு, மாமா முறை. இருபது பேர், இருபது மாதம், தலைக்கு மாதம் ஐயாயிரம். முதல் மாதச் சீட்டு ஏலமில்லாமல் நடத்துபவருக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஒரு லட்சத்தில் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளின தொகையை இருபது பேருக்கும் பிரித்து, அந்த மாதத் தவணையில் கழித்துக்கொள்வார்கள். சீட்டை எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆறாவது மாதம் மாசி வந்தது. கனகலட்சுமி இருபத்தைந்தாயிரம் தள்ளிக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டுப் போயிருந்தாள். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஏலம். அவள் இருபத்தைந்து என்றதும் நாகநாதன் காதில் போனை வைத்துக்கொண்டார்.

"இரு தாயி. அய்யப்பன் லைன்ல இருக்காரு. இருபத்தெட்டுங்குறாரு."

அவள் முப்பது என்றாள். போன் முப்பத்திரண்டு என்றது. முப்பத்தைந்தில் போன் அடங்கியது. ஒரு லட்சம் அறுபத்தைந்தாயிரமாகிக் கைக்கு வர வேண்டும்.

அதுவும் ஒரே தடவையில் வரவில்லை. இருபத்தைந்தாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மிச்சத்தை அடுத்த வாரம் வாங்கிக்க தாயி" என்றார். அடுத்த வாரம் மூன்று வாரமானது. அதற்குள் மிளகாய் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏறிவிட்டது. அவளுக்கென்று சொல்லி வைத்திருந்த சரக்கில் பாதியை வெளியூர் வியாபாரி ஏற்றிப் போனான். சம்சாரிகளைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் கடன் கழுத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மாதாமாதம் தவணையைக் கட்டினாள்.

எட்டாம் தவணை கட்டிய பிறகு ஒருநாள் இராமேஸ்வரத்துக்குத் தூள் கொண்டுபோனாள். அங்கே மெஸ் நடத்தும் அய்யப்பன் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்.

"ஏண்ணே, மாசியில எம் மேல ஏத்திக் கேட்டீகளே, அம்புட்டு அவசரமா உங்களுக்கு?"

அய்யப்பன் விழித்தார். "என்ன ஏத்துனேன்?"

"நாகநாதன் மாமா சீட்ட."

"நான் எந்தச் சீட்டுலயும் இல்லயே தாயி. அந்த மனுசன்கிட்டப் பேசியே ரெண்டு வருசமாச்சு."

பாம்பன் பாலத்தில் பஸ் வரும்போது அவளுக்குக் கடலும் தெரியவில்லை, காற்றும் தெரியவில்லை. முப்பத்தைந்து என்று தன் வாயால் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

மறுநாளிலிருந்து ஊர் ஊராகப் போனாள். சீட்டில் இருப்பதாக நாகநாதன் சொன்ன ஒவ்வொரு பேரையும் நேரில் தேடினாள். அவரைத் தள்ளிப் பத்தொன்பதில் பதினைந்து பேர்தான் ஆள். நான்கு பேர் வெறும் பேர். அதில் மூன்று பேருக்குச் சீட்டு விழுந்துவிட்டதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் தவணையை இத்தனை நாளும் தன் கையிலிருந்து போட்டு ஓட்டியிருக்கிறார். உரக்கடை நொடித்ததும் அதற்கும் வழியில்லாமல் சீட்டே நின்றுபோயிற்று.

பதினொரு பேர் இன்னும் சீட்டு எடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தி ராக்கு. களை எடுத்தும் மிளகாய் பறித்தும் கட்டியவள். கடைசிச் சீட்டை எடுத்தால் தள்ளுபடி இல்லாமல் முழுசாக வரும், மகளுக்கு நர்சிங் பீஸ் கட்டலாம் என்று இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை.

"நீ எடுத்துட்ட, உனக்கென்னடி. நான்ல போனேன்" என்றாள்.

அந்தச் சொல் கனகலட்சுமியைச் சுட்டது.

எல்லாரும் உரக்கடைக்குப் போனார்கள். நாகநாதன் நாற்காலியை விட்டு எழவில்லை. "பதிவு பண்ணாத சீட்டுன்னு தெரிஞ்சுதான சேந்தீக? ஸ்டேசனுக்குப் போனா என்னைய உள்ள வைப்பாக. உங்களுக்கு ஒத்த ரூவா வராது. யோசிச்சுக்கங்க."

"போன்ல யாருய்யா பேசுனது?" என்று கேட்டாள் கனகலட்சுமி. மாமா என்ற சொல் அன்றோடு போயிற்று.

அவர் மேசையில் கிடந்த பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"கேக்குறேன்ல? எந்த அய்யப்பன்? என் பத்தாயிரத்த எந்தப் போனு தின்னுச்சு?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதுதான் அவளுக்குக் கூடுதல் கோபத்தைக் கொடுத்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு அட்டைகள் பதினைந்து பேரிடமும் இருந்தன. அத்தனையையும் நகல் எடுத்து, புகாரைத் தானே எழுதி, பதினைந்து பேரையும் கையெழுத்துப் போட வைத்து ஸ்டேசனில் கொடுத்தாள்.

அன்றிரவு சாப்பிடும்போது காளீஸ்வரன் மெதுவாகச் சொன்னார். "நமக்கு ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இனிமே தவண கெட்ட வேணாம்ல."

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளினாள். "வாங்குனது அறுபத்தஞ்சு. கெட்டுனது முப்பத்தொண்ணு. மிச்சம் முப்பத்திநாலு யாரு பணம்?"

"அவன் நம்மள ஏமாத்துனான்ல?"

"அவந்தான ஏமாத்துனான். ராக்குவா ஏமாத்துனா?"

காளீஸ்வரன் எழுந்து கையைக் கழுவினார். மறுமாதம் மில்லுக்கு வத்தல் ஏற்றும் வேனை வாடகைக்கு ஓட்டி வந்த காசில் ஆயிரம் ரூபாயை அவரே அவள் முன் வைத்தார்.

கட்டியதற்கு மேல் எடுத்ததைத் திருப்பித் தரச் சொல்லி, சீட்டு எடுத்த மற்ற மூன்று பேரிடமும் போய்ப் பேசினாள். ஒருவர் சம்மதித்தார். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாமவர், "கோர்ட் சொல்லட்டும்" என்றார். கனகலட்சுமி தன் பங்கான முப்பத்திநாலாயிரத்தைப் பத்து மாதத்தில் பதினொரு பேருக்கும் பிரித்துக் கொடுத்து முடித்தாள். தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம். அவரவர் கட்டியதில் அது பத்தில் ஒன்று.

வழக்கு வந்ததும் நாகநாதன் ஒரு மனையை விற்று, தர வேண்டியதில் பாதியைக் கொடுத்தார். மீதிக்கு வாய்தா நடக்கிறது. ராக்குவின் மகள் ஒரு வருடம் தாமதித்து, கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்தாள். ராக்கு இன்றைக்கும் மில்லுக்கு மிளகாய்க் காம்பு கிள்ள வருகிறாள். சீட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த மாசிக்குப் பணம் வேண்டியிருந்தது. பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனி ஒன்றில் விசாரித்தாள். எடுக்கும்போது இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், சம்பளச் சான்று வேண்டும், கம்பெனிக் கமிஷன் ஐந்து சதவீதம் என்றார்கள். திட்டிக்கொண்டே திரும்பினாள். சங்கிலியை வங்கியில் அடகு வைத்து, கிடைத்த தொகைக்கு ஏற்ப வழக்கத்தைவிடக் குறைவாகவே மிளகாய் வாங்கினாள்.

போன வாரம் சந்தையில் நாகநாதன் எதிரே வந்தார். "நல்லா இருக்கியா தாயி?" என்றார்.

"வாய்தா வர்ற பதினாலாம் தேதி. மறக்காம வாங்க" என்று சொல்லிவிட்டு மிளகாயை அள்ளிப் பார்க்கப் போனாள்.