ஸ்கிரீன்ஷாட்டில் விழாத ஏழு புள்ளிகள்

சர்வீஸ் சென்டரில் அவருக்குத் திரைக்காரர் என்றே பெயர். வீட்டில் மனைவி டிவி போட்டால் மனிதர் கதையைப் பார்க்கமாட்டார். ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்றுதான் பார்ப்பார். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

அன்று பல் டாக்டரம்மா லேப்டாப்போடு வந்தார். வாரண்டி சாயங்காலத்தோடு முடிகிறது.

"திரை துடிக்குதுங்க. அப்புறம் வலது மேல்மூலைல கறுப்பா ஏழு புள்ளி. எக்ஸ்ரேயைப் போட்டா யாரு பல்லைப் பார்த்தாலும் சொத்தைங்குது. நேத்து ஒருத்தருக்கு நல்ல பல்லைத் துளைக்கப் பார்த்தேன்!"

"ஐயையோ, அவரு தப்பிச்சாரா?"

"மயிரிழைல."

திரைக்காரர் லேப்டாப்பை அணைத்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே செட்டப் திரைக்குப் போனார். அங்கே படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவருக்கு வேலையில்லை. துடிப்பு இல்லை. போன வாரம் புதுப்பித்த டிரைவரைப் பழையதற்கு மாற்றினார். விண்டோஸிலும் துடிப்பு நின்றது. புள்ளிகள் மட்டும் செட்டப் திரையிலும் குத்துக்கல்லாய் இருந்தன. வெளி மானிட்டரை மாட்டினால் அதில் சுத்தம். சந்தேகமே இல்லை, பேனல்தான் போச்சு.

"ஓரத்துல வெளிச்சம் கசியுதே?"

"இந்த ரகத்துக்கு அவ்வளவு இருக்கும்மா. அதுக்கு மாத்தித் தரமாட்டாங்க."

பேனல் மாற்றத் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் படிவம் கேட்பது ஒரே சான்று: குறை தெரியும் ஸ்கிரீன்ஷாட். கணினி அனுப்பும் படம்தான் அதில் விழும். கண்ணாடிக்குள் செத்த புள்ளி விழவே விழாது. போனில் எடுத்த போட்டோ செல்லாது. மூன்று வருஷமாக அவர் இதை எழுதி எழுதி ஓய்ந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: 'படத்தில் குறை காணப்படவில்லை.'

பல்லைக் கடித்துக்கொண்டு, பளிச்சென்ற வெள்ளைத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். டாக்டரம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்குத் தலைமை அலுவலகப் பரிசோதகரே போன் செய்தார்.

"பார்த்தேன்யா. ஓகே பண்ணிட்டேன். பேனல் நாளைக்கு வரும்."

திரைக்காரருக்குத் தலை சுற்றியது. "எதைப் பார்த்தீங்க சார்?"

"புள்ளியைத்தான். இடது கீழ்மூலைல மூணு, நல்லாத் தெரியுதே!"

வலது மேலே ஏழு என்று சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியே விழுங்கினார். மூன்று வருஷம் உள்ளதைச் சொன்னபோது ஒருத்தனும் நம்பவில்லை. இன்று இல்லாததைப் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள். சந்தோஷப்படக்கூட எரிச்சலாக இருந்தது.

"ஆனா ஒண்ணுய்யா," பரிசோதகர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வாரம் வர்ற எல்லாப் படத்துலயும் அதே இடத்துல அதே மூணு. எனக்கு நாலு நாள் முன்னாடிதான் புது மானிட்டர் குடுத்தாங்க. டிரைவர் கோளாறா இருக்குமோ?"

திரைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இருக்கலாம் சார். படிவத்தோட ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. பார்த்துச் சொல்றேன்."