இரட்டை வட்டத்திலிருந்து கிளம்பிய அம்பு

ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கப் போன அன்று, பஸ்ஸிலேயே பாடக் குறிப்பைப் பயந்து பயந்து நாலு தடவை புரட்டிவிட்டேன். அதற்கு முன் இரண்டு கல்லூரிகளில் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எம்.சி.ஏ. முடித்து ஒரு வருஷம் ஓடியிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தலைகாட்ட முடியாது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். உண்மையில் எங்கள் தெருவில் யாருக்கும் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட நேரம் இல்லை.

கடைசி பெஞ்சில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். அவர் சிவில் இன்ஜினியரிங்காரர், என் கம்ப்யூட்டர் பாடம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் மடியில் மதிப்பெண் தாள் இருந்தது. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்தத் தாளில்தான்.

கணக்கு இதுதான்: பூஜ்யமும் ஒன்றுமாக வரிசையாக எழுத்துகள் வரும். ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் 101 என்று முடிந்தால் மட்டும் சரி என்று ஏற்கும் எந்திரத்துக்குப் படம் போட வேண்டும். நான்கு வட்டங்கள் போட்டேன். ஒவ்வொரு வட்டமும் எந்திரத்தின் ஒரு நிலை, அடுத்த எழுத்து வந்ததும் எந்த நிலைக்குப் போவது என்பதை அம்பு காட்டும். எதுவும் கிடைக்காத நிலை ஏ. எங்கிருந்தும் வராத ஓர் அம்பு அதற்குள் நுழையும், அதுதான் தொடக்கம். 1 கிடைத்தது பி, 10 கிடைத்தது சி, 101 முழுதாகக் கிடைத்தது டி. டி-க்கு மட்டும் இரட்டை வட்டம், அதுதான் ஏற்கும் நிலை. ஏ-யில் 0 வந்தால் அங்கேயே, பி-யில் மறுபடி 1 வந்தால் அங்கேயே, சி-யில் 0 வந்தால் ஏ-க்குத் திரும்ப வேண்டும். பயத்திலும் இதெல்லாம் சரியாக வந்துவிட்டது.

டி-யில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒரு புடவை நெய்து முடிந்தால் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிடுவார்கள். முடிந்த புடவையின் இழை அடுத்ததற்கு ஆகாது. அந்தப் புத்திதான் எனக்கும். ஒரு 101 முடிந்ததா, அறுத்தாச்சு, இனி முதலிலிருந்து. டி-யில் 1 வந்தால் பி என்று போட்டேன், அது சரி. 0 வந்தால் ஏ என்று போட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள்.

"மேம், 10101 குடுத்தா ஏத்துக்காது போல இருக்குதே மேம்?"

பிரின்சிபால் பேனாவைத் திறப்பது தெரிந்தது.

"உட்காரும்மா. கவனிக்காம கேள்வி கேட்டா இப்படித்தான். போர்டுல இருக்கிறத எழுது மொதல்ல."

குரல் உயர்ந்துவிட்டது. அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கரும்பலகைப் பக்கம் திரும்பி, விரலால் தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்த்தேன். 1, பி. 0, சி. 1, டி. 0, ஏ. 1, பி. பி-யில் ஒற்றை வட்டம். 101 என்று முடிகிற வரிசையை என் எந்திரம் வேண்டாம் என்கிறது! முடிந்துபோன 101-இன் கடைசி 1, அடுத்த 101-க்கு முதல் 1 ஆகலாம். டி-யில் 0 வந்தால் கையில் 10 இருக்கிறது. அம்பு சி-க்குத்தான் போக வேண்டும்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், 'நீ சொன்னது சரிம்மா' என்று. டஸ்டரால் அந்த அம்பை அழித்துவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பினேன்.

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. அதனாலதான் வேணும்னே மாத்திப் போட்டேன். இப்போ பாருங்க."

டி-யிலிருந்து சி-க்கு அம்பு போட்டேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவளும் எழுதிக்கொண்டாள்.

மணி அடித்ததும் பிரின்சிபால் வராந்தாவில் நிறுத்தினார். "வகுப்ப கட்டுப்பாட்டுல வெச்சிருந்தீங்கம்மா. நடுவுல எழுந்த பொண்ண உட்கார வெச்சீங்க பாருங்க, அது எல்லாருக்கும் வராது. திங்கக்கிழமை ஜாயின் பண்ணிடுங்க."

நன்றி சொன்னேன். சந்தோஷம் வரவில்லை, பயமும் இன்னும் போகவில்லை.

அந்த வகுப்பையே எனக்குக் கொடுத்தார்கள். "சந்தேகம் இருக்குதா?" என்று தினமும் கேட்பேன். அவள் தலை நிமிராது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள், அதனால் அவளுக்குப் பாடம் புரியவில்லை என்று எனக்கு நானே சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை.

ஒரு நாள், அவளைப் பேசவைத்துவிடலாம் என்று, 00-இல் முடியும் வரிசைக்குப் படம் போட்டு, இரட்டை வட்டம் போடாமலே விட்டேன். இந்த முறை நிஜமாகவே வேணும்னேதான். பெஞ்சுகளுக்கு நடுவே மெதுவாக நடந்தேன். அவள் நோட்டில் மூன்று வட்டங்களும் அம்புகளும் சரியாக இருந்தன, கடைசி நிலைக்கு அழகாக இரட்டை வட்டமும் போட்டிருந்தாள்.

கரும்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, வெளி வட்டத்தை அழித்தாள்.