பத்திரத்துல இல்லாத மூத்த மகன்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. நடுவுல காப்பி கேட்டா அதையும் எழுதிடாதடின்னு சொல்லி வச்சிருக்கேன்.

எங்க வூட்டுக்காரரு போயி ஒரு மாசம் இருக்கும். எனக்கு அழுகையும் வரல, பசியும் வரல. யாராச்சும் வந்தா வழக்கம் போல வாய் மட்டும் பேசிக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் வருமான வரி ஆபீஸுக்கு டிரஸ்டுப் பத்திரத்த இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்கணும்னாங்க. பீங்கான் சூளையில தூசி குடிச்சு நெஞ்சு கெட்டவங்களுக்கு மருந்து வாங்கித் தர்ற டிரஸ்டு. ஜங்ஷன் ரோட்டுல ரெண்டு கடைய அதுக்கு எழுதி வச்சிருந்தாரு. அவரு, நானு, சூளை மேஸ்திரி, மூணு பேரு டிரஸ்டி.

மூத்தவன்தான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனான். கோர்ட்டுக்கு எதிர்ல பத்திரம் மொழிபெயர்க்கற ஒரு ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியாரு. எழுதி முடிச்சதும் தமிழப் பாக்காம, இங்கிலீஷ மட்டும் பாத்து திரும்பத் தமிழ்ல சொல்லுவாரு. நாம பத்திரத்த வச்சு சரி பாக்கணும். பத்திரம் மவன் கையில. எனக்கு எதுக்கு பத்திரம்? அத எழுதுன காலத்துல எங்க வூட்டுக்காரரு சோத்துக்கு முன்னாடி ஒக்காந்து வாசிச்சுக் காட்டுவாரு. குழம்பு ஆறிப்போவும், எனக்கு எரிச்சலா வரும்.

வாத்தியாரு சொல்ல ஆரம்பிச்சாரு. கடைய விக்கவோ அடமானம் வைக்கவோ டிரஸ்டிங்களுக்கு அதிகாரம் இல்ல, மூணு வருஷத்துக்கு மேல வாடகைக்கு வுடக் கூடாதுன்னாரு. சரி. எந்த சாதி, எந்த மதமா இருந்தாலும் சூளையில வேல செஞ்சவங்களுக்கு மருந்துன்னாரு. அதுவும் சரி. டிரஸ்டி ஒருத்தர் காலமானா அவரோட மூத்த மகன் அந்த எடத்துக்கு வரணும்னாரு. மவன் சரின்னு தலைய ஆட்டினான்.

"அப்படி இல்லீங்களே"ன்னேன். மிச்சம் இருக்கற டிரஸ்டிங்க தொண்ணூறு நாளுக்குள்ள சூளையில வேல செஞ்ச ஒருத்தர ஒத்துப் பேசி எடுக்கணும், எங்க புள்ளைங்க யாரும் வரக் கூடாது. பத்திரத்துல அதான் இருந்துச்சு.

வாத்தியாரு பத்திரத்த வாங்கிப் பாத்துட்டு கண்ணாடியக் கழட்டிட்டாரு. கோயில் கட்டளைப் பத்திரமாவே பண்ணிப் பண்ணி கை தானா அப்படிப் போயிடுச்சும்மான்னாரு. கட்டளையில எல்லாம் மூத்த புள்ளதானே வருவான்.

"இருந்துட்டுப் போவுது சார்"னான் மவன். பெண்ணாடத்துல மாமனார் வூட்டுல, அப்பா எடத்துக்கு நான்தான்னு ஏற்கெனவே சொல்லிட்டு வந்திருந்தான்.

மூலத்துல இல்லாதத எழுதிட்டு சரியான மொழிபெயர்ப்புன்னு கையெழுத்துப் போட முடியாது தம்பின்னாரு அவரு. பத்திரமும் அதால மாறிடாதாம்.

மவன் என்னைப் பாத்தான். "அப்பா எடம்மா அது."

"அவரு எடந்தான். ஒனக்குக் குடுக்கலியேப்பா."

உப்பு தீந்துபோச்சுன்னு சொல்றாப்புலதான் சொன்னேன். மனசுல ஒண்ணுமே இல்ல. வாத்தியாரு அந்த வரிய அடிச்சுட்டு வேற எழுதுனாரு.

தொண்ணூறு நாளு முடியறதுக்குள்ள நானும் மேஸ்திரியும் பேசி, சூளையில பொம்மைக்கு வண்ணம் பூசுற பொம்பள ஒருத்திய எடுத்தோம். நான் வூட்டுக்கு வந்ததும், சாப்புட ஒக்காந்த மவன் யார எடுத்தீங்கன்னு கேட்டான். சொன்னேன். தட்டப் பாத்துக்கிட்டே, "நல்லா நியாயமாப் பேசும் அது"ன்னான். கொஞ்சம் ரசம் ஊத்தச் சொன்னான். ஊத்துனேன்.