திரும்பி வந்த சரக்கு

வேலை பார்த்த செருப்புக் கடை மூடிய பிறகு அவளுக்கு முதலில் கிடைத்தது ஒரு பார்சல் கிடங்கில் சீசன் வேலை. பண்டிகை நெரிசலுக்கு ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தார்கள். ஸ்கேனரைப் பிடித்தால் கை நிற்காது என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு ‘மின்னல்’ என்று பேர் வைத்தார்கள்.

“நல்லா ஓடுறவங்கள பர்மனென்ட் பண்ணுவோம்” என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் காலைதோறும் ஆசை காட்டுவார். அந்த ஒரு சொல்லுக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்தார்கள்! பக்கத்து மேசைக்காரி இவளுடைய பார்சல்களை வேறு ஊருக்கான கம்பிக் கூண்டுக்குள் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த இவளும் அதையே திருப்பிச் செய்தாள். சீசன் முடிந்ததும் இருவருக்கும் போனில் ஒரே வரிதான் வந்தது: நாளை முதல் வர வேண்டாம்.

பெரிய துணிக்கடை ஒன்றில் கேஷியராக இருந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நீங்க ஏஜென்சி ஆளு. கம்பெனி கணக்குலயே நீங்க கிடையாது. அப்புறம் எப்படி வெச்சுப்பாங்க? எங்க கடையில நேரடியா எடுப்பாங்க. ஆனா எந்தப் பிரிவுல ஆள நிறுத்திக்கிறாங்கன்னு கேட்டுட்டுச் சேருங்க. எங்க போட்டாலும் சரின்னு தலையாட்டாதீங்க.”

அடுத்த சீசனில், பண்டிகைக்கு வெகு முன்னாலேயே மின்னல் அந்தக் கடைக்கு நேரடியாக மனுப் போட்டாள். நேர்காணலில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

“சம்பளம் கம்பெனி பேர்லயா, ஏஜென்சி பேர்லயா சார்? போன சீசன்ல வந்தவங்கள்ல யாரையாவது வெச்சுக்கிட்டீங்களா?”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “கம்பெனி பேர்லதாம்மா. விற்பனையில யாரையும் வெச்சுக்கல. ரிட்டர்ன்ஸ்ல சில பேர் இருக்காங்க. சீசன் முடிஞ்சாலும் அங்க வேலை குறையாது. ஆனா யாரும் தங்க மாட்டேங்கிறாங்க.”

“என்னை அங்கயே போடுங்க.”

ஏன் தங்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. ஆன்லைனில் வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மூட்டைகள் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, மறுபடி விற்கலாமா, விலை குறைத்துத் தள்ளலாமா, கழிவா என்று தரம் பிரிக்க வேண்டும். விருந்துக்கு உடுத்திவிட்டு வியர்வை நாற்றத்தோடு அனுப்பிய சட்டை, அக்குள் கறை படிந்த ரவிக்கை, எவனோ சேற்றில் நடந்துவிட்டு ‘அளவு சரியில்லை’ என்று எழுதி அனுப்பிய காலணி. ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்ததும் குமட்டியது. யாரோ அணிந்த உள்ளாடையை மடித்து, விலைச் சீட்டைத் திரும்பக் கோத்து அனுப்பியிருந்தார்கள்.

அதைவிடக் குமட்டியது, அங்கே மேற்பார்வை பார்த்தவர் சொன்ன யோசனை. “கழிவுல இவ்வளவு போட்டா எனக்குக் கேள்வி வரும். தட்டிவிட்டு, புதுக் கவர் போட்டு, ‘நல்லது’ன்னு பதிவு பண்ணு. பர்மனென்ட் ஆகணும்ல?”

“உள்ளாடையவா சார்?”

“யாருக்குத் தெரியப் போகுது?”

சக தற்காலிகப் பெண்கள் இருவர் அப்படியே செய்தார்கள். வேறென்ன வழி, அவர்களுக்கும் வயிறு இருக்கிறதே. மின்னலுக்குக் கை வரவில்லை. கழிவைக் கழிவு என்றே பதிந்தாள். வேகம் போதாது என்று எல்லோர் முன்னிலும் ஏச்சு வாங்கினாள்.

கடைக்குப் புகார் மேல் புகார் வந்தது. ‘புதியது’ என்று வாங்கிய உறைக்குள் அழுக்கு. தரம் பிரிக்கும் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருந்ததால், எந்தப் பொருள் யார் கையால் ‘நல்லது’ ஆனது என்று தலைமை அலுவலகம் பிடித்துவிட்டது. மேற்பார்வையாளர் கை கழுவிக்கொண்டார். “நான் எத்தனை தடவ சொன்னேன், கேட்டாத்தானே!” என்று அந்த இரு பெண்களையும் காட்டிக்கொடுத்தார். அன்றே இருவரும் வெளியே.

மின்னல் அலுவலகத்துக்குப் போய், அப்படிப் பதியச் சொன்னவர் மேற்பார்வையாளர்தான் என்று நேர்காணல் செய்த அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தாள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் அவர். இல்லை. “அப்ப விட்டுடும்மா. உன் பேரு நிரந்தரப் பட்டியல்ல போகுது, இப்ப எதுக்கு வம்பு?”

மறுநாள் உத்தரவு கையில் வந்தது. மேற்பார்வையாளர் பல்லைக் காட்டினார். “நான்தான் சிபாரிசு பண்ணேன், தெரியும்ல? டிரெய்னிங் எல்லாம் நம்ம கைதானே!”

மின்னல் உத்தரவை மேசையில் விரித்தாள். கையெழுத்துப் போட்டாள். வீட்டில் வாடகையும் பிள்ளையின் படிப்பும் காத்திருந்தன. வேலையை வேண்டாம் என்று வீசுகிற அளவுக்கு வீரம் அவளிடம் இல்லை.

மாலையில் நாத்தனார் போனில் கத்தினாள். “அண்ணி! சொன்னேன்ல, நேரடியா போங்கன்னு! சந்தோஷமா?”

“வேலை கிடைச்சுது” என்றாள் மின்னல். “அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு நம்ம கடையோட வேற கிளைகள்ல எங்கயாவது இடம் இருக்கான்னு பாரேன்.”

நாத்தனார் தணிந்த குரலில் சொன்னாள், “அவங்கள இனிமே எந்தக் கிளையிலயும் எடுக்க மாட்டாங்க, அண்ணி.”

மின்னல் போனை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அருவருப்பு போகவில்லை.