வாயில் வராத பெயர்

தெரணியகலையிலிருந்து வந்த தொலைபேசியில் தங்கச்சி பேசவில்லை. அவளுடைய மூத்தார், புருஷனின் அண்ணன்தான் பேசினார். "தம்பி, புள்ளைய அவன் வெறகுக்கட்டையால அடிச்சிட்டான். கை வீங்கிக் கெடக்கு. பொலிசுக்குப் போறோம், நீங்களும் வந்துருங்க."

என் தங்கச்சி புருஷன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். அவருக்கு இரண்டு அண்ணன்மார். இருவரும் அவள் இருக்கும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். மூத்தவர்தான் என்னுடன் பேசியவர். இளையவருக்கும் தங்கச்சிக்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள மரவள்ளிப் பாத்தி விஷயத்தில் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்று காலை அவர் கட்டையை எடுத்தார். தங்கச்சி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அடி விழுந்தது வலது மணிக்கட்டில். தடுத்தவர் மூத்தவர். முச்சக்கர வண்டி பிடித்து அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

நான் போனபோது அவள் துவாயால் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். எதிரே வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் கான்ஸ்டபிள், தகவல் புத்தகத்தை விரித்து வைத்துத் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்தார். பக்கம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

"வாசிக்கிறன், கேளுங்கோ" என்றார் அவர். நேரம், இடம், மரவள்ளிப் பாத்தி, கட்டை எல்லாம் சரியாக இருந்தன. பிறகு இந்த வரி: "எனது கணவரின் அண்ணன் என்னைத் தாக்கினார்."

நான் நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் இப்படி ஒரு வரியால் சரிந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். முதல் முறைப்பாடு மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது. ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்க நேரமில்லாத வேளையில், நடந்த சூட்டோடு சொல்லப்படுவது அதுதான். பின்னால் சாட்சி சொல்வது எல்லாம் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கப்படும். பெயர் அடுத்த வாரம் வந்தால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதைவிட மோசம், இங்கே அண்ணன் இரண்டு பேர்.

"எந்த அண்ணன்?" என்றேன்.

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "சின்னவரு."

"பேர் வேணும்" என்றார் கான்ஸ்டபிள். "நானும் ரெண்டு தரம் கேட்டிட்டன். ஆர் அடிச்சது?"

"எப்புடிங்க சொல்றது? மூத்தாரு பேருங்க."

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரையும் அவர் அண்ணன்மார் பெயரையும் வாயால் சொல்வதில்லை. கலியாணமாகிப் பதினொரு வருடம், அவள் வாயிலிருந்து அவை வந்ததே இல்லை.

"நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றேன்.

"நீங்கள் அடி வாங்கினனீங்களே? முறைப்பாடு அவட. அவட வாயால வரவேணும். இல்லாட்டி அவவே எழுதித் தரட்டும்." சொல்லிவிட்டு அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஆறுதலாச் சொல்லுங்கோ அக்கா. நான் காத்திருக்கிறன்."

வாசலில் நின்ற மூத்தவர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். தங்கச்சி பழக்கத்தில் எழுந்து நிற்கப் போனாள்.

"ஒக்காரு புள்ள. என் பேர மொதல்ல சொல்லு."

"ஐயோ, வேணாங்க."

"நான்தானே ஒன்னைய கூட்டியாந்தேன், அதையும் எழுதணும்ல? சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." பிறகு சிரித்தார். "சோத்துல உப்பில்லன்னு நான் சத்தம் போட்டப்பல்லாம் மனசுக்குள்ள சொல்லித் திட்டியிருப்பதானே?"

வலியோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மூச்சிலேயே அவர் பெயரைச் சொன்னாள், சுவருக்குச் சொல்வதுபோல. அவர் "ம்" என்றார், கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அடுத்ததாகத் தன்னை அடித்தவர் பெயரைச் சொன்னாள். அது தெளிவாகவே வந்தது.

கான்ஸ்டபிள் இரண்டையும் எழுதி, முழுவதையும் மறுபடி வாசித்துக் காட்டினார். தங்கச்சி இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டாள். பிறகு வைத்தியப் பரிசோதனைக்கான படிவத்தைத் தந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பு முறிந்திருந்தது.

வழக்கு மறு ஆண்டு விசாரணைக்கு வந்தது. அடித்தவரின் வழக்கறிஞர் முதல் முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வைத்து இரண்டு தடவை புரட்டினார். பிறகு தன் கட்சிக்காரரை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்ததும் அடித்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதனால் தங்கச்சி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, இனிமே அந்தப் பேர சொல்லத் தேவையில்லல்ல அண்ணே?"

தேவையில்லை என்றேன். பக்கத்தில் மூத்தவர், அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.