அண்ணி வெட்டிய மௌனம்

எங்கள் அண்ணி யாரையும் நம்ப மாட்டார். கடைக்காரரின் தராசை நம்ப மாட்டார், பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார். என் அண்ணன் குளித்துவிட்டேன் என்றால் துண்டைத் தொட்டுப் பார்ப்பார்.

எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் நான் படம் எடுக்கிறேன், அண்ணி பின்னறையில் வீடியோ கோர்க்கிறார். பிறந்தநாள், பணி ஓய்வு என்று யாராவது பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்தால் பாட்டும் பேச்சும் சேர்த்து ஓடவிடுவார். பாட்டில் தாளம் எங்கே விழுகிறது என்று கம்ப்யூட்டரே குறித்துக் கொடுக்கும். அதையும் நம்ப மாட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாளம் விழ விழ விசையைத் தட்டித் தானே குறி வைப்பார். பிறகு, "கை எப்பவும் காதுக்குப் பின்னாடிதான் தம்பி வரும்" என்று தன் விரலையே சந்தேகப்பட்டு எல்லாக் குறிகளையும் ஒரு துளி முன்னால் நகர்த்துவார்.

பேச்சு வரும் இடத்தில் வேறு கணக்கு. பாட்டின் சத்தத்தைக் குறைத்து, வாக்கியம் தொடங்கும்போது படத்தை மாற்றுவார். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் வெட்டியோ நீட்டியோ, அடுத்த வாக்கியமும் தாளத்தோடு வந்து விழும்படி செய்வார். பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது, நன்றாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

ஒரு அம்மாவின் பிறந்தநாள் வீடியோவில்தான் வம்பு வந்தது. அந்த அம்மாவே பேசியதை அவர் மகள் போனில் பதிவு செய்து கொடுத்திருந்தாள். முன்னோட்டம் பார்க்க வந்த மூத்த மகன் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"என் போட்டோ மட்டும் ஏன் கண் சிமிட்டுறதுக்குள்ள போகுது? என் தங்கச்சி வர்றப்ப அசையாம நிக்குதே. அவ சொல்லிக் கொடுத்தாளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்களைப் பார்த்தால் ஒரு குடும்பத்துச் சண்டையில் கூலி வாங்கிக்கொண்டு ஒரு பக்கம் சேருகிறவர்கள் மாதிரியா இருக்கிறது?

அண்ணி அசரவில்லை. "பேச்சு எவ்வளவு நேரமோ படமும் அவ்வளவு நேரம் சார். உங்கம்மா உங்க தங்கச்சியைப் பத்தி நிறைய பேசினாங்க. உங்களைப் பத்தி, 'இவன் என் மூத்தவன்'னு மட்டும்தான் சொன்னாங்க."

அவர் முகம் சிறுத்துப்போனது. அப்போதுதான் அவர் எதற்குப் பயந்து வந்தார் என்று எனக்குப் புரிந்தது. ஊரார் முன்னால் போட்டோ சீக்கிரம் போய்விடுமே என்பது இல்லை, அம்மாவுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையோ என்பதுதான்.

"அவ்வளவுதான் சொன்னாங்களா? நீங்க எதையும் எடுக்கலையே?"

யாராவது ஒருநாள் இப்படிக் கேட்பார்கள் என்றே வெட்டாத மூலப் பதிவை அண்ணி அழிப்பதில்லை. அதை ஓடவிட்டார்.

'இவன் என் மூத்தவன்.' பிறகு ஒன்றும் இல்லை. மின்விசிறிச் சத்தம், ஒரு நீண்ட மூச்சு, மூக்கை உறிஞ்சும் ஒலி. தாளத்துக்கு இடைஞ்சல் என்று அண்ணி வெட்டி எறிந்தது இதைத்தான். அதற்கும் பிறகு, தழுதழுத்த குரல்:

"அவனைப் பத்தி என்ன சொல்றதுடி? எனக்கு உயிரே அவன்தான்னு சொன்னாலும் நம்பமாட்டான். யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்பான். அவன் போட்டோவை மட்டும் போடு."

அண்ணியின் காது மடல் சிவந்திருந்தது. "பிறந்தநாள் வீடியோவுல அழுகை வேணாம்னு அதையும் எடுத்துட்டேன் சார். உங்ககிட்ட மறைச்சதும் தப்புதான்."

மூத்த மகன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இது... நீங்களா ஒட்டினது இல்லையே?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவர் காதிலேயே விழுந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

அண்ணி அவரைத் தேற்றவில்லை. அந்த மௌனத்தை மட்டும் செருகினால் பின்னால் வரும் படங்கள் எல்லாம் தாளம் தப்பும். அதனால் 'மூத்தவன்' என்ற சொல் முடியும் இடத்தில் பாட்டையும் சேர்த்துத் துண்டித்து, மிச்சம் முழுவதையும் ஒரே கொத்தாகத் தள்ளி வைத்தார். நடுவில் அந்த மூச்சை வைத்து, அதன் மேல் அவருடைய படத்தை இழுத்து நீட்டினார்.

"அம்மா பேசினதையும் வைக்கட்டுமா சார்?"

"வேணாம். மூச்சு மட்டும் இருக்கட்டும்" என்றார், முகத்திலிருந்து கையை எடுக்காமல். "இதை நான் நம்புறேன்."