கணவர் உறுப்பினரானாலும்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் உள்ள எங்கள் கூட்டுறவு வங்கிக் கிளையில் தமிழில் எதையாவது எழுத வேண்டுமென்றால் என் மேசைக்குத்தான் வரும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. புதிய சேமிப்புத் திட்டம் வந்தபோது, முகநூலிலும் வாட்சாப்பிலும் போட ஒரு படமும் அதன் கீழே நாலு வரியும் கேட்டார் மேனேஜர். அவர் மனதில் இருந்தது ஒரே வரி.

"நாலு விழுக்காடு வட்டி, இன்றே வாருங்கள். போதும் லா. யாரு நீளமா படிக்கிறா?"

நான் எழுதிக் கொடுத்தது இது:

"பதினெட்டு வயது நிரம்பிய உறுப்பினர்களுக்கு மட்டும். கணவர் உறுப்பினரானாலும் மனைவி தம் பெயரில் தனியாக உறுப்பினராக வேண்டும். குறைந்தது ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்). தவணை பன்னிரண்டு மாதம். வட்டி ஆண்டுக்கு நான்கு விழுக்காடு, தவணை முடிவில் தரப்படும். மூன்று மாதத்துக்குள் எடுத்தால் வட்டி இல்லை. அதற்குப் பிறகு, தவணைக்கு முன் எடுத்தால், முழுமையான மாதங்களுக்கு மட்டும் பாதி விகிதத்தில் வட்டி."

மேனேஜர் இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "இது என்ன, வீட்டுக்கு வீடு சண்டை மூட்டுற வரி?"

"கவுண்டர்ல தினமும் கேக்கிற கேள்வி சார். அங்க சொல்றத இங்கயே சொல்லிட்டா நமக்கும் வேலை மிச்சம்."

அவர் தலைமையகத்துக்கு அனுப்பினார். எனக்குச் சாதகமாகத்தான் பதில் வந்தது: ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். படத்தின் கீழே வரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. யாராவது படிப்பார்களா என்று எனக்கே சந்தேகம்தான்.

மறுவாரம் ஒரு தம்பதி வந்தார்கள். தஞ்சோங் காராங் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள். கணவர் எண்ணெய் மில்லுக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், எங்கள் பழைய உறுப்பினர். அந்த அக்கா ஆடு வளர்ப்பவர். தீபாவளிக்கு விற்ற ஆட்டுப் பணம் மூவாயிரம் வெள்ளி கைப்பையில் இருந்தது.

"என் பேருல போடுங்க மிஸ், நான்தான் மெம்பரு," என்றார் கணவர்.

அக்கா கைப்பேசியை எடுத்து, என் இரண்டாவது வரியை எழுத்துக் கூட்டாமல் சத்தமாகப் படித்தார். "ஆடு மேய்ச்சது நானு. என் பேருல போடணும்."

"எல்லாம் ஒரே வீட்டுப் பணந்தானே!"

"வீட்டுப் பணந்தான். பேரு மட்டும் என்னுது."

பின்னால் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா களுக்கென்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கா அன்றே பணத்தைப் போட வழியில்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தான். உறுப்பினர் விண்ணப்பம் கொடுத்து, பங்குத் தொகை கட்டி, அடுத்த மாதம் நிர்வாகக் குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் திட்டத்தில் சேர முடியும்.

"அதுவரைக்கும் என் பேருல கெடக்கட்டுமே," என்றார் கணவர், ஆசை விடாமல்.

"எங்கிட்டயே கெடக்கட்டும்," என்று அக்கா விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் போனார்.

அந்த மாதம் முழுக்க எனக்கு உறுத்தல். லோரிக்காரருக்கு ஏதாவது செலவு வரும், பணம் கரையும், அக்கா திரும்ப வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். உறுப்பினர் எண் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினார். கூடவே கணவரும் வந்தார், முகத்தில் பாதிச் சமாதானம்.

"ஆறு மாசத்துல தேவைப்பட்டா எடுத்துக்கலாம்ல மிஸ்? அறுவது வெள்ளி வட்டி வரும்ல?"

"எடுக்கலாம் அண்ணே. ஆனா பாதி விகிதம். ஆறு மாசத்துக்கு முப்பதுதான். வருசம் முழுக்க விட்டா நூத்தி இருபது."

"அப்ப வருசம் முழுக்க," என்றார் அக்கா, அவர் வாய் திறப்பதற்குள். நான் கொடுத்த சேமிப்புச் சான்றிதழில் தன் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தவணை முடிந்ததும் இருவரும் மறுபடி வந்தார்கள். அசலை அப்படியே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு, வட்டியை மட்டும் நோட்டாக வாங்கிக்கொண்டார் அக்கா.

"வாங்க, பாசிர் பெனம்பாங்குல மீன் சாப்பிடலாம்," என்றார் கணவரிடம். "இன்னிக்கி நான் வாங்கித் தரேன்."

அவர் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். "பெரிய மீனா பாத்துச் சொல்லிடுறேன் மிஸ்," என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து பிடித்து, அக்காவை முதலில் போகவிட்டார்.